டில்டிங் வசதிக்கு வாடிக்கையாளர் எவ்வளவு கொடுப்பார்? ஒரு கிரைண்டரை வைத்து கான்ஜாயின்ட் அனாலிசிஸ்

கேள்வி: கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் தயாரிக்கிறோம். எங்கள் 2 லிட்டர் மாடலில் டில்டிங் வசதி சேர்க்கலாமா, மோட்டார் வாரன்டியை 2 வருடத்திலிருந்து 5 வருடம் ஆக்கலாமா, விலையை எவ்வளவு ஏற்றலாம் என்று எனக்கும் அண்ணனுக்கும் ஓயாத விவாதம். கடையில் வாடிக்கையாளர்களைக் கேட்டால் எல்லாமே வேண்டும், விலை மட்டும் ஏறக்கூடாது என்கிறார்கள். கான்ஜாயின்ட் அனாலிசிஸ் செய்து பாருங்கள் என்றார் ஒருவர். அது என்ன, கணக்கு எப்படிப் போடுவது? புள்ளியியல் படிக்காதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்:

நீங்கள் கேட்ட விதத்தில் கேட்டால் வேறு பதில் வராது. "டில்டிங் வேண்டுமா?" என்ற கேள்விக்கு "வேண்டும்" என்று சொல்வதால் அந்த அம்மாவுக்கு எந்த இழப்பும் இல்லை. "விலை முக்கியமா?" என்றாலும் ஆமாம்தான். ஆனால் கடையில் நிஜமாக வாங்கும்போது ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. டில்டிங் உள்ளது ஆயிரம் ரூபாய் கூடுதல், வாரன்டி நீளமானது வேறு கம்பெனி என்று ஏதாவது ஒரு இடத்தில் மனம் இறங்கி வந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த இறக்கத்தைக் கேள்விக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பதுதான் கான்ஜாயின்ட் அனாலிசிஸ்.

வசதிகளைத் தனித்தனியாகக் கேட்க மாட்டோம். விலை, வசதி, வாரன்டி எல்லாம் எழுதிய ஒரு முழுக் கிரைண்டரை ஒரு அட்டையில் காட்டுவோம். அடுத்த அட்டையில் இன்னொரு கிரைண்டர். எந்த அட்டையில் எந்த வசதி எந்த விலையோடு சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டு மாற்றிக்கொண்டே போவோம். அவர் பார்ப்பது முழுப்பொருளை. சொல்வதும் முழுப்பொருளைப் பற்றி. அந்தப் பதில்களிலிருந்து ஒவ்வொரு வசதிக்கும் அவர் மனதில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எடுப்போம். இதற்கான கணிதத்தை 1964-இல் டங்கன் லூஸ், ஜான் டுக்கி இருவரும் எழுதினார்கள். 1971-இல் பால் கிரீன், விட்டலா ராவ் இருவரும் அதைச் சந்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். 1978-இல் இந்தத் துறையையே ஒழுங்குபடுத்திய கட்டுரையைக் கிரீனுடன் சேர்ந்து எழுதிய ஸ்ரீனிவாசன் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர்.

முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலும் கீழேயும் வரும் எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் சந்தையின் எண்கள் உங்கள் ஆய்விலிருந்துதான் வர வேண்டும்.

மூன்று விஷயங்களை மட்டும் மாற்றுவோம். விலை ரூ. 5,000 அல்லது ரூ. 7,000. டில்டிங் உண்டு அல்லது இல்லை. மோட்டார் வாரன்டி 2 வருடம் அல்லது 5 வருடம். மொத்தம் 8 விதமான கிரைண்டர்கள் வரும். எட்டு அட்டைகளையும் ஒருவரிடம் கொடுத்து, இதை வாங்க எவ்வளவு மனம் வருகிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறோம். அவர் இப்படிப் போட்டார் என்று வையுங்கள்:

| அட்டை | விலை | டில்டிங் | வாரன்டி | மதிப்பெண் |
|---|---|---|---|---|
| 1 | 5,000 | இல்லை | 2 வருடம் | 6 |
| 2 | 5,000 | இல்லை | 5 வருடம் | 7 |
| 3 | 5,000 | உண்டு | 2 வருடம் | 8 |
| 4 | 5,000 | உண்டு | 5 வருடம் | 10 |
| 5 | 7,000 | இல்லை | 2 வருடம் | 2 |
| 6 | 7,000 | இல்லை | 5 வருடம் | 3 |
| 7 | 7,000 | உண்டு | 2 வருடம் | 5 |
| 8 | 7,000 | உண்டு | 5 வருடம் | 5 |

இனி வெறும் சராசரிதான். ரூ. 5,000 விலையுள்ள நான்கு அட்டைகளின் சராசரி 7.75. ரூ. 7,000 அட்டைகளின் சராசரி 3.75. ஆக விலை ரூ. 2,000 ஏறினால் 4 மதிப்பெண் போகிறது. டில்டிங் உள்ள நான்கின் சராசரி 7, இல்லாதவற்றின் சராசரி 4.5. எனவே டில்டிங்கின் மதிப்பு 2.5. அதேபோல 5 வருட வாரன்டிக்கு 6.25, 2 வருடத்துக்கு 5.25; நீண்ட வாரன்டியின் மதிப்பு 1. இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணையும் அந்த வசதியின் பகுதி மதிப்பு என்பார்கள்.

டில்டிங் உள்ள நான்கு அட்டைகளைக் கவனியுங்கள். அவற்றில் பாதி மலிவு, பாதி விலை கூடியது. பாதிக்கு 2 வருட வாரன்டி, பாதிக்கு 5. டில்டிங் இல்லாத நான்கிலும் அதே கலவைதான். அதனால் இரண்டு சராசரிகளையும் கழிக்கும்போது விலையும் வாரன்டியும் இருபக்கமும் அடிபட்டுப்போய், டில்டிங்கின் தாக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கான்ஜாயின்ட்டின் திறமை முழுவதும் இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது. உங்கள் பழைய விற்பனைக் கணக்கிலிருந்து இதைப் பிரித்தெடுக்க முடியாததற்கும் இதுவே காரணம். சந்தையில் டில்டிங் உள்ள மாடல் பெரும்பாலும் விலை கூடியதாகவே இருக்கும். இரண்டும் ஒட்டியே வந்தால் வாங்கியவர் எதற்காக வாங்கினார், வாங்காதவர் எதற்காக விட்டார் என்று பிரிக்க வழியில்லை.

சமநிலை இருந்தால் எல்லா அட்டைகளையும் காட்ட வேண்டியதும் இல்லை. மேலே உள்ளவற்றில் 2, 3, 5, 8 ஆகிய நான்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். மதிப்பெண்கள் 7, 8, 2, 5. இதிலும் ஒவ்வொரு வசதியும் மற்றதோடு சரிபாதியாகக் கலந்திருக்கிறது. கணக்குப் போட்டால் விலைக்கு 4, டில்டிங்குக்கு 2, வாரன்டிக்கு 1 வரும். எட்டு அட்டைகளில் கிடைத்த விடைக்கு மிக அருகில். வசதிகள் கூடக்கூட இந்தச் சிக்கனம் பெரிதும் உதவும். கிரீனும் ஜெரி விண்டும் 1975-இல் எழுதிய ஒரு பிரபலமான கட்டுரையில், கறை நீக்கும் திரவம் ஒன்றுக்குச் சாத்தியமான 108 வகைகளில் 18 மட்டுமே காட்டிக் கணக்கு முடித்திருந்தார்கள். சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டு வசதிகள் சேரும்போது மட்டும் வரும் கூடுதல் ஈர்ப்பு, உதாரணமாக அட்டை 4-க்கு அவர் கொடுத்த எதிர்பாராத 10, நான்கே அட்டைகள் வைத்த ஆய்வில் தனியாகத் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு நெருங்கி வருகிறோம். இந்த வாடிக்கையாளருக்கு ரூ. 2,000-ம் 4 மதிப்பெண்ணும் சமம். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ரூ. 500. அப்படியானால் டில்டிங்கின் 2.5 மதிப்பெண் ரூ. 1,250-க்குச் சமம், நீண்ட வாரன்டி ரூ. 500-க்குச் சமம். டில்டிங் சேர்த்து விலையை ரூ. 1,000 ஏற்றினால் அவருக்குப் பழைய மாடலைவிட இது கொஞ்சம் நல்ல பேரமாகத் தெரியும். ரூ. 1,500 ஏற்றினால் பழையதே போதும் என்று தோன்றும்.

இந்த ரூ. 1,250-ஐ எடுத்துக்கொண்டு அதே அளவு விலையை ஏற்றிவிடுவதுதான் இத்துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: பழைய மாடலும் புதிய மாடலும் இவருக்குச் சரிசமமாகத் தோன்றும் இடம் அது. பக்கத்து அலமாரியில் இருக்கும் போட்டிக் கம்பெனியின் கிரைண்டர் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. வாங்காமலே வீட்டுக்குப் போய்விடும் வழியும் வரவில்லை.

"எது எத்தனை சதவீதம் முக்கியம்" என்று வரும் வட்டப்படங்களிலும் எச்சரிக்கை வேண்டும். மேலே உள்ள கணக்கில் 4, 2.5, 1 மூன்றையும் கூட்டினால் 7.5. அதில் விலையின் பங்கு 53 சதவீதம். ஆனால் நான் ரூ. 5,000, ரூ. 7,000 என்று காட்டாமல் ரூ. 5,000, ரூ. 6,000 என்று காட்டியிருந்தால், அதே பெண்மணி அதே மனநிலையில் பதில் சொல்லியிருந்தாலும், விலையின் எடை சுமார் 2 ஆகி அதன் பங்கு 36 சதவீதமாக இறங்கியிருக்கும். வாடிக்கையாளர் மாறவில்லை, நாம் காட்டிய இடைவெளிதான் மாறியது. எனவே சதவீதம் சொல்பவரிடம் எந்த விலையிலிருந்து எந்த விலை வரை காட்டினீர்கள் என்று கேட்காமல் அதை ஏற்காதீர்கள். உங்கள் ஆய்வில் காட்டும் விலைகள் நீங்கள் நிஜமாக யோசிக்கும் விலைகளையும் போட்டியாளர் விலைகளையும் உள்ளடக்கினால் போதும். அதற்கு வெளியே போக வேண்டாம்.

மதிப்பெண் போடும் முறை புரிந்துகொள்ள நல்லது. இன்று பெரும்பாலும் நடப்பது தேர்வு முறை. 1983-இல் லூவியரும் வுட்வொர்த்தும் இதற்கு வழிகாட்டினார்கள். மூன்று கிரைண்டர்களை அருகருகே காட்டி, "இவை மட்டுமே கடையில் இருந்தால் எதை வாங்குவீர்கள்? அல்லது எதுவுமே வேண்டாமா?" என்று கேட்பார்கள். இப்படி ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வேறு மூன்று. கடையில் யாரும் கிரைண்டருக்கு மதிப்பெண் போடுவதில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இந்த முறை நிஜத்துக்கு அருகில் இருக்கிறது. "எதுவும் வேண்டாம்" என்ற வாய்ப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்றும் விலை அதிகமாக இருக்கும்போதுகூட அவர் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். விலை ஏற்றத்தால் ஆட்களை இழக்கவே மாட்டோம் என்று கணக்கு பொய் சொல்லும்.

தேர்வுகளிலிருந்து எடைகளை எடுக்கச் சராசரி போதாது, லாஜிட் என்ற மாதிரி வேண்டும். டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000-இல் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வகைத் தேர்வுக் கணக்குகளுக்காகத்தான். அடிப்படை எளிது. ஒரு கிரைண்டரின் பகுதி மதிப்புகளைக் கூட்டினால் அதன் மொத்த மதிப்பு `u` வரும். 2.718 என்ற எண்ணை அந்த `u` அடுக்குக்கு உயர்த்தி, அதாவது `exp(u)` ஆக்கி, திரையில் இருக்கும் எல்லாவற்றின் `exp(u)` கூட்டுத்தொகையால் வகுத்தால், அது தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு கிடைக்கும். மக்கள் நிஜத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதற்கு மிக நன்றாகப் பொருந்துகிற மதிப்புகளைக் கணினி தேடிக் கொடுக்கும். இலவசமாகக் கிடைக்கும் R என்ற புள்ளியியல் மென்பொருளில் இது இவ்வளவுதான்:

```r
library(survival)
m <- clogit(choice ~ p6000 + p7000 + tilt + war5 +
            bigbrand + none + strata(task), data = d)
summary(m)
```

தரவில் ஒவ்வொரு வரியும் திரையில் காட்டிய ஒரு கிரைண்டர். தேர்ந்தெடுத்ததற்கு `choice` 1, மற்றவற்றுக்கு 0. விலை ரூ. 6,000 என்றால் `p6000` 1, ரூ. 7,000 என்றால் `p7000` 1; டில்டிங்குக்கு `tilt`, 5 வருட வாரன்டிக்கு `war5`, பிரபல பிராண்டுக்கு `bigbrand` 1. ஒவ்வொரு நபரின் ஒவ்வொரு திரைக்கும் `task` தனி எண்ணாக இருக்க வேண்டும். "வேண்டாம்" என்ற வரியில் `none` மட்டும் 1, மற்றதெல்லாம் 0.

அப்படி ஒரு ஆய்வில் இந்த மதிப்புகள் வந்ததாக வையுங்கள். மேலே உள்ள கட்டளை ஒவ்வொரு நிலையையும் அந்தப் பண்பின் அடிப்படை நிலையோடு ஒப்பிட்டு எண் தரும்; அதை ஒவ்வொரு பண்பிலும் கூட்டினால் பூஜ்யம் வரும்படி மாற்றி எழுதியிருக்கிறேன். விலை ரூ. 5,000-க்கு 0.9, ரூ. 6,000-க்கு 0.2, ரூ. 7,000-க்கு −1.1. டில்டிங் இருந்தால் 0.4, இல்லாவிட்டால் −0.4. 5 வருட வாரன்டிக்கு 0.2, 2 வருடத்துக்கு −0.2. பிரபல பிராண்டுக்கு 0.5, உங்கள் பிராண்டுக்கு −0.5. "வேண்டாம்" என்பதற்கு 0.

விலை வரிசையைப் பாருங்கள். ஐந்தாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போக 0.7 இழப்பு. ஆறிலிருந்து ஏழுக்குப் போக 1.3 இழப்பு. அதே ஆயிரம் ரூபாய்தான், ஆனால் இரண்டாவது ஆயிரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வலிக்கிறது. விலைக்கு இரண்டு புள்ளிகள் மட்டும் வைத்து ஆய்வு செய்திருந்தால் இந்த மடிப்பு தெரிந்தே இருக்காது. விலைக்கு மட்டும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு நிலைகள் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இனி இதை வைத்து ஒரு சின்னச் சந்தையைக் கட்டலாம். உங்கள் இன்றைய மாடல்: ரூ. 5,000, டில்டிங் இல்லை, 2 வருடம். மொத்தம் 0.9 − 0.4 − 0.2 − 0.5 = −0.2, `exp` போட்டால் 0.82. எதிரே பிரபல பிராண்ட்: ரூ. 6,000, டில்டிங் இல்லை, 5 வருடம். மொத்தம் 0.5, `exp` 1.65. வேண்டாம் என்பது 1. மூன்றும் சேர்த்து 3.47. உங்கள் பங்கு 0.82 ÷ 3.47, அதாவது சுமார் 23.6 சதவீதம்.

அண்ணனுடன் நடக்கும் விவாதத்தை இப்போது எண்களில் ஓட்டிப் பார்க்கலாம். டில்டிங் சேர்த்து விலையை ஏற்றாமல் விட்டால் உங்கள் பங்கு 40.8 சதவீதமாகத் தாவுகிறது. டில்டிங் சேர்த்து ரூ. 6,000-க்கு விற்றால் 25.5. டில்டிங், 5 வருட வாரன்டி இரண்டையும் சேர்த்து ரூ. 7,000 என்றால் 12.2-க்கு விழுகிறது.

பங்கை மட்டும் பார்த்தால் முதல் யோசனைதான் வென்றது போலத் தோன்றும். ஆனால் செலவையும் உள்ளே கொண்டுவர வேண்டும். கணக்கை எளிதாக்க, வரி, கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேர்ந்து ஒரு கிரைண்டருக்கு ரூ. 3,900 ஆகிறது, டில்டிங்குக்குக் கூடுதலாக ரூ. 500, நீண்ட வாரன்டிக்கு ரூ. 250 என்று வைப்போம். கடைக்கு வரும் 100 பேருக்கு உங்களுக்கு மிஞ்சுவது என்ன? இன்றைய மாடலில் சுமார் ரூ. 26,000. டில்டிங்கோடு ரூ. 5,000-க்கே விற்றால் ரூ. 24,500, அத்தனை பேர் வாங்கியும் இன்றைக்கு மிஞ்சுவதைவிடக் குறைவு. டில்டிங்கோடு ரூ. 6,000 என்றால் ரூ. 40,800. எல்லாம் சேர்த்து ரூ. 7,000 என்றால் ரூ. 28,700. இரண்டாவது யோசனையில் வாங்குவோர் எண்ணிக்கை இன்றைக்கு இருப்பதைவிட இரண்டு பேர்தான் கூடுகிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது கணிசமாகக் கூடுகிறது.

அடுத்த கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. நீங்கள் டில்டிங் கொண்டுவந்து ஆறு மாதத்தில் போட்டியாளரும் அதே ரூ. 6,000-க்குள் அதைக் கொண்டுவந்தால்? அவர்களுடைய மொத்தம் 1.3 ஆகி, `exp` 3.67 ஆகும். உங்கள் பங்கு 16.2-க்கு இறங்கும்; 100 பேருக்கு மிஞ்சுவது சுமார் ரூ. 26,000. பாடுபட்டும் இன்றைய நிலைக்கே வந்துவிட்டோம் என்று சோர்வாக இருக்கும். ஆனால் நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்து அவர்கள் மட்டும் டில்டிங் கொண்டுவந்திருந்தால் உங்கள் பங்கு 14.9, மிஞ்சுவது ரூ. 16,400. எனவே ஒப்பிட வேண்டியது இன்றைய நிலையோடு அல்ல, நீங்கள் சும்மா இருந்தால் நாளை என்ன ஆகும் என்பதோடு. கான்ஜாயின்ட்டிலிருந்து கிடைப்பதில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தெரிவது இந்தச் "செய்தால் என்ன" கணக்குதான். 1980-களில் மாரியட் நிறுவனம் கோர்ட்யார்ட் என்ற நடுத்தர ஹோட்டல் வரிசையை வடிவமைக்க இதைப் பயன்படுத்தியது. அறை, உணவு, பாதுகாப்பு என்று ஏறத்தாழ 50 பண்புகளை வைத்து, பயணிகள் எதற்குக் கூடுதல் வாடகை தருவார்கள், எதை விட்டுக்கொடுப்பார்கள் என்று பார்த்த பிறகுதான் கட்டிடமே எழுந்தது.

இனி, இந்த எண்கள் எங்கே ஏமாற்றும் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சராசரி. பாதிக் குடும்பங்கள் டில்டிங்குக்கு ரூ. 2,500 வரை கொடுக்கத் தயார் என்று வையுங்கள். இட்லி தோசைக்கு நிறைய மாவு அரைப்பவர்கள், குனிந்து டிரம்மைத் தூக்க முடியாத முதுகுவலிக்காரர்கள். மறுபாதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சராசரி ரூ. 1,250 என்று வரும். ஆனால் அந்த ரூ. 1,250 மனிதர் உங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. இந்த நிலையில் சரியான முடிவு ஒரே மாடலுக்கு நடுவான விலை வைப்பது அல்ல, இரண்டு மாடல்கள் விடுவது. ஒருவர் சொன்ன பத்துப் பன்னிரண்டு தேர்வுகளை மட்டும் வைத்து அவருடைய மதிப்புகளைத் தனியாகக் கணிக்க முடியாது. அதற்கு ஹயரார்க்கிகல் பேயஸ் என்ற முறை 1990-களிலிருந்து இருக்கிறது. மற்றவர்களின் பதில்களிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி ஒவ்வொருவருக்கும் தனி மதிப்புகள் தருகிறது. வெளியாளிடம் வேலையைக் கொடுத்தால், ஆளுக்கு ஆள் மதிப்புகள் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

இதே சராசரி இன்னொரு இடத்திலும் குழப்பும். மேலே உள்ள எளிய கணக்கில், இன்றைய உங்கள் மாடலையே வேறு நிறத்தில் இரண்டாவது மாடலாகச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் இரண்டும் சேர்ந்து 23.6-லிருந்து 38.2 சதவீதம் ஆகிவிடும். நிறம் மாறியதற்கு இத்தனை பேர் வர மாட்டார்கள். புதிய மாடல் எல்லோரிடமிருந்தும் ஒரே விகிதத்தில் ஆட்களை எடுக்கும் என்று எளிய லாஜிட் எண்ணிக்கொள்கிறது. நிஜத்தில் அது முதலில் உங்கள் பழைய மாடலைத்தான் தின்னும். ஆளுக்கு ஆள் கணக்கிட்டுக் கூட்டினால் இந்தக் கோளாறு பெரிதும் குறையும். இரண்டு மாடல் விடுவதாக முடிவெடுக்கும் முன், கணக்குப் போட்டவரிடம் ஒரே மாடலை இரண்டு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பங்கு எகிறினால் அந்தக் கணக்கை இரண்டு மாடல் முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது, காசு நிஜக் காசு அல்ல. அட்டையைத் தொடும்போது யாருடைய பையிலிருந்தும் ரூபாய் போவதில்லை. அதனால் விலையின் வலி குறைத்தே பதிவாகும், வசதியின் ரூபாய் மதிப்பு ஊதிப்போகும். 2005-இல் மின் டிங்கும் கூட்டாளிகளும் ஒரு உணவகத்தில் சீனச் சாப்பாட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். சொன்ன பதிலின்படியே நிஜமாகச் சாப்பிட்டு நிஜமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆனபோது, பின்னால் மக்கள் என்ன வாங்குவார்கள் என்பதை ஆய்வு இன்னும் நன்றாகக் கணித்தது. கிரைண்டருக்கும் இதைச் செய்யலாம். பங்கேற்பவர்களில் குலுக்கலில் ஒருவருக்கு, அவர் பதில்களின்படி அவருக்கு எது பிடிக்குமோ அந்தக் கிரைண்டரும், ஒரு குறிப்பிட்ட தொகையில் அதன் விலை போக மீதிப் பணமும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கவனமாகப் பதில் சொல்வார்கள்.

மூன்றாவது, கிடைக்கும் சதவீதம் விருப்பத்தின் பங்கு, விற்பனையின் பங்கு அல்ல. எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும், எல்லாக் கடையிலும் உங்கள் கிரைண்டர் இருக்கிறது, கடைக்காரர் யாரையும் திசை திருப்பவில்லை என்று அந்தக் கணக்கு எண்ணுகிறது. கமிஷன் கூடக் கிடைக்கும் பிராண்டை அவர் முன்னால் எடுத்து வைப்பது அதில் வராது. எனவே 25.5 என்ற எண்ணைத் தனியாக நம்பாமல், 23.6-லிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பாருங்கள்.

ஆய்வைக் கட்டும்போது பண்புகளை ஐந்து ஆறுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மக்கள் விலையையும் பிராண்டையும் மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கண்ணால் தாண்டிவிடுவார்கள். தேங்காய் துருவி, மாவு பிசையும் பிளேடு எல்லாம் எல்லா மாடலோடும் ஒரேபோலக் கொடுப்பீர்கள் என்றால் அவை ஆய்வுக்கு வேண்டியதில்லை. டில்டிங் என்று எழுதினால் போதாது. அதைப் பயன்படுத்திப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் சொல். மாவோடு டிரம்மைச் சாய்த்து ஊற்றும் சின்ன வீடியோவை முதலில் காட்டிவிட்டுக் கேள்விகளுக்குப் போங்கள். கேட்க வேண்டியவர்கள் அடுத்த ஓராண்டுக்குள் கிரைண்டர் வாங்கப்போகிறவர்கள் அல்லது அண்மையில் வாங்கியவர்கள். டீலர்களின் கருத்து தேவைதான், ஆனால் அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்கு எது விற்க எளிது என்பதை.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு நடைமுறை விதி உண்டு: `n × t × a ÷ c` குறைந்தது 500 இருக்க வேண்டும். இதில் `n` ஆட்கள், `t` ஒருவர் பார்க்கும் திரைகள், `a` ஒரு திரையில் உள்ள கிரைண்டர்கள் (வேண்டாம் என்பதைச் சேர்க்காமல்), `c` எந்தப் பண்பில் அதிக நிலைகளோ அந்த எண்ணிக்கை. 12 திரை, 3 கிரைண்டர், விலைக்கு 4 நிலை என்றால் 56 பேர் வரும். அது அடிமட்டம்தான். நகரம், கிராமம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் 200 பேரை நெருங்குங்கள்.

விடை வந்தபின் அது நம்பத்தக்கதா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. விலை ஏற ஏற மதிப்பு இறங்க வேண்டும். நடுவில் எங்காவது ஏறினால் தரவில் கோளாறு, அல்லது விலையை வைத்தே தரத்தை எடைபோடுகிறார்கள். நிறையப் பேர் எப்போதும் இடது ஓரத்துக் கிரைண்டரையே தொட்டிருந்தால் படிக்காமல் தட்டியிருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரண்டு திரைகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பது. அவை எல்லோருக்கும் ஒரேபோல இருக்கட்டும். ஒன்றில் இன்று கடையில் நிஜமாக இருக்கும் கிரைண்டர்களையே வையுங்கள். மற்றத் திரைகளிலிருந்து கிடைத்த மதிப்புகளைக் கொண்டு இந்த இரண்டிலும் எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கணியுங்கள், பிறகு அவர்கள் நிஜமாகத் தொட்டதோடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் டில்டிங் மாடலுக்கு அச்சு போட ஆர்டர் கொடுப்பது பற்றிப் பேசலாம். பதினைந்து இருபது என்று விலகினால், செலவு செய்யும் முன் கேள்வித் திரைகளைத் திருத்தி இன்னொரு முறை கேளுங்கள்.